தலையணை உறையில் மஞ்சள் கறை: எண்ணெயை முதலில் எடுங்கள், நிறத்தைப் பிறகு

வெள்ளைத் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டால் ஓரமெல்லாம் பளிச்சென்று இருக்கும். நடுவில், தலை படும் இடத்தில் மட்டும் முட்டை வடிவத்தில் ஒரு மஞ்சள் திட்டு தெரியும். அடுத்த முறை சோப்புத்தூளைக் கூடுதலாகப் போட்டாலும் அது அசையாது. கடைசியில் குளோரின் ப்ளீச்சை ஊற்றினால், சில உறைகளில் மஞ்சள் குறைவதற்குப் பதில் கூடிவிடும். உறை பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் துணி நன்றாகவே இருக்கும். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசைதான் மாறிப்போயிருக்கும்.

இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உறைக்கானது. உறையைத் தாண்டி எண்ணெய் இறங்கும் தலையணையையும், வேறு வகை அழுக்கு சேரும் திரைச்சீலையையும் அதன் பிறகு பார்க்கலாம்.

## அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது

தலைத்தோலும் முகமும் நாள் முழுக்க ஒரு கொழுப்பைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. தூங்கும்போது அது உறையில் தேய்ந்து நூலிழைக்குள் இறங்குகிறது. கூடவே வியர்வை, எச்சில், உதிரும் தோல் துகள், முகத்துக்குப் போட்ட க்ரீம், தலைக்கு வைத்த எண்ணெய் எல்லாம் சேர்கின்றன. புதிதாகப் படிந்த கொழுப்புக்குப் பெரிதாக நிறம் கிடையாது. அதனால்தான் முதல் சில வாரங்களில் எதுவும் தெரிவதில்லை. நாளாக நாளாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது மாறுகிறது, காறுகிறது, மஞ்சளாகிறது. பழைய எண்ணெய்ப் பாத்திரத்தின் விளிம்பில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, ஏறக்குறைய அதே மாற்றம்தான் துணியிலும் நடக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடும் டிரையரின் சூடும் இதை வேகப்படுத்தும். மஞ்சள் உறையைத் தேய்க்கும்போது ஒரு காறல் வாடை எழுந்தால், எண்ணெய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஆக அந்தத் திட்டில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, நூலிழையில் தங்கிவிட்ட எண்ணெய். மற்றொன்று, அந்த எண்ணெய் காறியதால் வந்த நிறம். சோப்பு எண்ணெயைப் பிரிக்கும், நிறத்தை அழிக்காது. ப்ளீச் நிறத்தை அழிக்கும், எண்ணெயைப் பிரிக்காது. எண்ணெய் மேலே பூசியிருக்கும்போது ப்ளீச் கரைசல் நூலைத் தொடவே முடியாது. அதனால் முதலில் எண்ணெய், அப்புறம் நிறம். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு பொடி கொட்டினாலும் வீண்தான்.

குளோரின் ப்ளீச் ஏன் காலை வாருகிறது? வியர்வையிலும் தோல் துகளிலும் புரதம் இருக்கிறது. குளோரின் அதோடு சேரும்போது தானே மஞ்சள் நிறத்தைக் கொடுக்கக்கூடியது. பாலியஸ்டர், ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிகளையும் அது மஞ்சளாக்கும். பருத்தி நூலையும் மெல்ல அரித்துவிடும். உறை விஷயத்தில் அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. வினிகர் போன்ற அமிலம் எதனோடும், அம்மோனியா உள்ள எதனோடும் அதைக் கலக்கவே கூடாது. கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும்.

## முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சோதனை

துவைத்து நன்றாகக் காய்ந்த உறையை மேசையில் விரித்து, மஞ்சள் திட்டின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கறையில்லாத மூலையில் இன்னொரு சொட்டு. மூலையில் உடனே உறிஞ்சி, நடுவில் மட்டும் முத்துப்போல் நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நின்றால் சந்தேகப்பட வேண்டியது துணி மென்மையாக்கும் திரவத்தை. அது நூலின் மேல் வழவழப்பான ஒரு படலத்தை விட்டுச்செல்லும், தண்ணீரையும் சோப்பையும் உள்ளே விடாது. உறைகளுக்கு அந்தத் திரவத்தை நிறுத்துவதே பாதி வைத்தியம். இரண்டு இடத்திலும் சட்டென்று உறிஞ்சினால் எண்ணெய் போய்விட்டது, நிறம் மட்டும் மிச்சம் என்று அர்த்தம். நேரே ஆக்சிஜன் ப்ளீச்சுக்குப் போகலாம். பாலியஸ்டர் உறைகள் இயல்பிலேயே மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதால், அவற்றில் நடுவையும் மூலையையும் ஒப்பிட்டு மட்டும் முடிவு செய்யுங்கள்.

எல்லா மஞ்சளும் எண்ணெய் அல்ல. துருப்போல ஆரஞ்சு நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தால், தண்ணீரிலுள்ள இரும்போ, சன்ஸ்கிரீனும் இரும்பும் சேர்ந்த கறையோ காரணமாக இருக்கலாம். அதற்கு ப்ளீச் உதவாது, துருக்கறை நீக்கிதான் வேண்டும். கருப்புப் புள்ளிகள் பூஞ்சை. வண்ண உறையில் சாயம் வெளுத்து வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால், முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு க்ரீம் சாயத்தைத் தின்றிருக்கும். அது கறையே இல்லை, சாயம் போன இடம். எதைச் செய்தாலும் திரும்பாது.

## தேவையான பொருள்கள்

பாத்திரம் கழுவும் லிக்விட், என்சைம் உள்ள சலவைத்தூள் அல்லது லிக்விட், ஆக்சிஜன் ப்ளீச், ஒரு பிளாஸ்டிக் வாளி, மென்மையான பழைய பல்துலக்கி, கையுறை. இவ்வளவுதான்.

ஆக்சிஜன் ப்ளீச் என்பது சோடியம் பெர்கார்பனேட் தூள். தண்ணீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு நிறத்தை உடைக்கும், சோடா மிச்சமிருக்கும் கொழுப்பை இளக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் பெர்கார்பனேட் பாதிகூட இருக்காது, மீதி வெறும் சலவை சோடா. அப்படியானால் கீழே சொல்லும் அளவை இரட்டிப்பாக்க வேண்டும்.

இந்தத் தூள் கிடைக்கவில்லையா? 4 லிட்டர் வெந்நீரில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 400 மில்லியும், சலவை சோடாத் தூள் 2 மேசைக்கரண்டியும் கலந்தால், ஏறக்குறைய 40 கிராம் பெர்கார்பனேட் தரும் அதே கரைசல் கிடைத்துவிடும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. கொதிநீர் ஒரு பங்கு, சாதாரணக் குழாய்த் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்தால் சுமார் 40 டிகிரி வரும். ஒன்றுக்கு இரண்டு என்றால் 50 டிகிரியை ஒட்டி வரும். சரிபாதி கலந்தால், வாளி குடிக்கும் சூடு போக 60 டிகிரி. குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும் இடத்தில் கொதிநீரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். எப்போதும் குளிர்ந்த நீரை முதலில் ஊற்றி, அதன் மேல் கொதிநீரைச் சேர்ப்பது கைக்கும் வாளிக்கும் நல்லது.

## இரண்டு வெள்ளைப் பருத்தி உறைகள்: ஒரு முழுச் சுற்று

ஆறு மாதம் பயன்பட்ட, நடுவில் கெட்டியான மஞ்சள் திட்டு உள்ள இரண்டு வெள்ளைப் பருத்தி உறைகள் என்று வைத்துக்கொள்வோம். மாலை 7 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை வெயிலில் போட்டுவிடலாம்.

மாலை 7 மணி, காய்ந்த துணியில் லிக்விட். உறையை உள்வெளியாகத் திருப்பி, மூலையில் சேர்ந்த முடியையும் தூசியையும் உதறுங்கள். மறுபடி நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள். நனைக்காமல், மஞ்சள் திட்டின் மேல் உறைக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் ஊற்றி, விரலாலோ பல்துலக்கியாலோ மெல்லத் தேய்த்துப் பரப்புங்கள். துணி காய்ந்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: நூல் ஏற்கெனவே தண்ணீரைக் குடித்திருந்தால் லிக்விட் நீர்த்துப்போய் எண்ணெயைச் சரியாகப் பற்றாது. அரை மணி நேரம் விடுங்கள். பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தால் கறை போகாது, துணியில் பஞ்சு பஞ்சாக எழும்பும்.

7.30 மணி, என்சைம் ஊறல். 5 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குக் கலந்து, என்சைம் உள்ள சலவைத்தூள் 2 மேசைக்கரண்டி கரைத்து, உறைகளை லிக்விட்டோடே அமுக்கி ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். இந்தத் தூளில் லைப்பேஸ் கொழுப்பைத் துண்டிக்கும், புரோட்டியேஸ் புரதத்தை. இரண்டும் வெதுவெதுப்பில் நன்றாக வேலை செய்யும். 60 டிகிரியைத் தாண்டினால் செயலிழக்கத் தொடங்கும். இதனால்தான் இந்த ஊறலை ப்ளீச் ஊறலோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. அதற்கு வேண்டிய சூடு இதற்குப் பகை, அதிலுள்ள பெராக்சைடும் என்சைமைக் கெடுக்கும்.

8.30 மணி, அலசல். உறைகளைக் கசக்கிப் பிழிந்தால் தண்ணீர் தேநீர் நிறத்திலோ சாம்பலாகவோ இறங்கும். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். பாத்திர லிக்விட் மிச்சமிருந்தால் நாளை மெஷின் நுரையால் நிரம்பி வழியும்.

இந்த இடத்தில் மஞ்சள் கொஞ்சமும் குறையாதது போலத் தோன்றலாம். பதற வேண்டாம். போனது எண்ணெய், நிறம் இன்னும் நிற்கிறது.

9 மணி, ஆக்சிஜன் ப்ளீச். 4 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கலந்து, 40 கிராம் பெர்கார்பனேட்டைத் தூவுங்கள். மட்டமாக எடுத்தால் இரண்டே முக்கால் மேசைக்கரண்டி அளவு. துகள் கரைந்து சிறு குமிழ்கள் எழும்வரை குச்சியால் கிளறிய பிறகுதான் துணியைப் போட வேண்டும். கரையாத துகள் துணியின் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அங்கே நூல் பலவீனமாகும். உறைகள் மிதந்தால் மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து அமுக்குங்கள். நீருக்கு வெளியே நிற்கும் பகுதி வெளுக்காமல் கோடு விழும். வாளியை இறுக்கி மூடக் கூடாது. ஆக்சிஜன் வெளியேற வழி வேண்டும். மிச்சக் கரைசலைப் பாட்டிலில் அடைத்து வைப்பதும் ஆபத்து, பாட்டில் வெடித்துவிடும்.

இந்தக் கரைசலின் வீரியமெல்லாம் முதல் சில மணி நேரம்தான். காலைக்குள் பெரும்பாலும் ஆறி அடங்கியிருக்கும். வெள்ளைப் பருத்தி இரவு முழுக்கக் கிடந்தாலும் கெடாது, ஆனால் இரண்டு நாள் ஊறவைத்தால் இரட்டிப்பாக வெளுக்கும் என்பது தப்புக்கணக்கு. இன்னும் வேண்டுமானால் புதுக் கரைசல்தான் போட வேண்டும். உலோக ஜிப் வைத்த உறையை மட்டும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

காலை 6 மணி, வழக்கமான துவையல். பிழிந்து, மெஷினில் 60 டிகிரியில் சாதாரண அளவு சலவைத்தூளோடு ஓட்டி, கூடுதலாக ஒரு அலசலும் கொடுங்கள். மென்மையாக்கும் திரவம் வேண்டாம். பிறகு நேர் வெயில். ஈரத்தோடு வெயில் படும்போது மிச்ச நிறம் இன்னும் கொஞ்சம் குறையும்.

காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்துணியைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். இஸ்திரி இன்னும் வேண்டாம். மெல்லிய நிழலாக மஞ்சள் தெரிந்தால் மறுபடி சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு நின்றால் லிக்விட் படிக்குத் திரும்ப வேண்டும், உறிஞ்சினால் ப்ளீச் ஊறலை மட்டும் இன்னொரு முறை செய்தால் போதும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் சொட்டை உறிஞ்சிக்கொண்டு மஞ்சளாகவே இருக்கும் உறையில், பழுப்பு நூலோடு ஒன்றிவிட்டது. அதற்கு மேல் ப்ளீச் செய்வது துணியை நைந்துபோக வைப்பதற்குத்தான் உதவும்.

நீலம் போடலாமா என்றால், போடலாம். ஆனால் நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும் சாயம் மட்டுமே, எதையும் அகற்றாது. எண்ணெய் இருக்கும் துணியில் நீலம் போட்டால் திட்டுத்திட்டாகச் சாம்பல்பச்சை விழும். சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வதும் அப்படித்தான். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத்தண்ணீர்.

## வண்ண உறை, பாலியஸ்டர், பட்டு

வண்ணப் பருத்தி உறைக்கு அதே வரிசைதான். ப்ளீச் ஊறலை மட்டும் 40 டிகிரி, 4 லிட்டருக்கு 20 கிராம், ஒரு மணி நேரம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். முன்னதாக உள்தையல் ஓரத்தில் அந்தக் கரைசலை ஒரு துளி வைத்து, 15 நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ப்ளீச் படியைக் கைவிட்டு, என்சைம் ஊறலை இரண்டு முறை செய்யலாம்.

பாலியஸ்டர் நூல் தண்ணீரை விட எண்ணெயை அதிகம் விரும்பும். ஒருமுறை பிடித்த எண்ணெயைச் சுலபத்தில் விடாது. அதனால் கலப்புத் துணி உறைகளில் பாத்திர லிக்விட் படியை இரண்டு முறை செய்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

பட்டு உறைக்கு இதில் எதுவுமே ஆகாது. பட்டு என்பதே புரதம். புரோட்டியேஸ் அதையும் தின்னும், பெர்கார்பனேட்டின் காரம் அதன் மினுமினுப்பை எடுத்துவிடும். பட்டுக்கென்று விற்கும் மிதமான லிக்விட்டில், 30 டிகிரிக்கு மேல் போகாமல், 10 நிமிடம் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். பட்டில் ஏறிய பழைய மஞ்சள் முழுவதும் போகாது.

## தலையணை: அழுக்கை விடப் பெரிய பிரச்சினை தண்ணீர்

உறையைக் கழற்றினால் தலையணையின் மேலும் அதே மஞ்சள் வரைபடம் தெரியும். அதைத் துவைக்கலாமா என்பதை உள்ளே இருக்கும் நிரப்பு தீர்மானிக்கிறது.

மெமரி ஃபோம், லேடெக்ஸ் தலையணைகளை நனைக்கவே கூடாது. தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, மெஷினின் சுழற்சியில் பிய்ந்துவிடும், உள்ளே ஈரம் நாள்கணக்கில் தங்கும். வெளித்துணியைக் கழற்றித் துவைத்து, ஃபோமின் மேல் நீர்த்த லிக்விட் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் லேடெக்ஸ் பொடியத் தொடங்கும். ஃபோம் தானாகவே நாளடைவில் மஞ்சளாகும் பொருள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள், அது அழுக்கு இல்லை.

இலவம் பஞ்சும் பருத்திப் பஞ்சும் அடைத்தவை தண்ணீரில் கட்டிகட்டியாகி, பழைய நிலைக்கு வராது. தையலைப் பிரித்து, பஞ்சைக் கொட்டி வெயிலில் பரப்பி உதறி, உறைத்துணியை மட்டும் மேலே சொன்ன முறையில் துவைத்து மறுபடி அடைப்பதுதான் வழி.

மெஷினுக்குத் தகுந்தவை பாலியஸ்டர் நாரும் இறகும் அடைத்தவை. போடும் முன் தலையணையை நடுவில் மடித்து விட்டுப் பாருங்கள். விரிந்து எழாமல் மடிந்தபடியே கிடந்தால் நார் செத்துவிட்டது, துவைப்பது வீண் வேலை. தையல் ஓரங்களையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். இறகுத் தலையணையின் தையல் மெஷினுக்குள் விட்டுப்போனால் அந்த வாரம் முழுக்க இறகு பொறுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, பலர் செய்யாதது: காய்ந்த தலையணையைச் சமையலறைத் தராசில் எடை போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்பது கடைசியில் தெரியும்.

மஞ்சள் திட்டின் மேல் ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட் தடவி அரை மணி விட்டு, ஈரத்துணியால் பலமுறை துடைத்து எடுங்கள். பிறகு ஒரே அளவு தலையணைகள் இரண்டை எதிரெதிராகப் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் அது ஒரு பக்கம் ஒதுங்கி, ஸ்பின் ஆகும்போது மெஷின் தடதடக்கும். மேலிருந்து போடும் மெஷினில் தலையணை மிதக்கும். தண்ணீர் நிரம்பியதும் நிறுத்தி, அமுக்கிக் காற்றை வெளியேற்றிப் பின் தொடருங்கள். சலவை லிக்விட் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தூளைத் தவிருங்கள், நாருக்குள் மாட்டிக்கொள்ளும். பாலியஸ்டருக்கு, லேபிள் அனுமதித்தால், 60 டிகிரி. தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில் சாகும். இறகுக்கு 40 டிகிரியும் மென்சுற்றும். இரண்டு அலசல் கூடுதலாகக் கொடுங்கள். தலையணையை அமுக்கினால் நுரை வந்தால் மூன்றாவதும் வேண்டும்.

தலையணையைக் கையால் முறுக்கிப் பிழியாதீர்கள், நார் ஒரு மூலைக்குப் போய்விடும். ஸ்பின்னை இரண்டு முறை ஓட்டிவிட்டு, படுக்கை வாட்டில் காற்றோட்டமான வெயிலில் வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டி, கட்டிகளை விரலால் உதிர்த்துத் தட்டுங்கள். டிரையர் இருந்தால் மிதமான சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டைச் சேர்த்து ஓட்டினால் அவை அடித்து அடித்துக் கட்டியை உடைக்கும்.

வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். அதை உறைக்குள் போட்டு மூடினால் மூன்றாம் நாள் முடை நாற்றம் அடிக்கும், அப்புறம் பூஞ்சை. இப்போதுதான் தராசு. துவைக்கும் முன் 720 கிராம் இருந்த தலையணை இப்போது 790 காட்டினால், உள்ளே ஏறக்குறைய 70 மில்லி தண்ணீர் இன்னும் இருக்கிறது. பழைய எடைக்கு 10 கிராம் பக்கத்தில் வரும்வரை விடுங்கள். வெயிலில் இதற்கு ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். மழைக்காலத்தில் டிரையர் இல்லாமல் தலையணை துவைப்பது வேண்டாத வேலை.

தலையணைக்கும் உறைக்கும் நடுவே ஜிப் வைத்த பாதுகாப்பு உறை ஒன்று போட்டால் எண்ணெய் அதோடு நிற்கும். அதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெளி உறையை வாரம் ஒருமுறை துவைத்தால், தலையணையை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் தொட வேண்டியதில்லை. எண்ணெய் காறுவதற்குள் வெளியேறிவிடுவதால் வாராந்திரத் துவையலுக்கு சாதாரணத் தூளே போதுமானது.

## திரைச்சீலை: முதலில் தூசி, அதுவும் குளிர்ந்த நீரில்

திரைச்சீலையில் உடம்பு எண்ணெய் இல்லை. மாதக்கணக்கில் மண்ணும் தூசியும் மட்டுமே. தூசியோடு வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தால் அது சேறாகித் துணி முழுக்கப் பரவும். தொங்கும்போதே வாக்குவம் கிளீனரின் பிரஷ்ஷாலோ காய்ந்த துடைப்பத்தாலோ மேலிருந்து கீழாகத் தூசியை எடுங்கள். இறக்கியதும் கொக்கி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்ற முடியாத உலோக வளையங்கள் இருந்தால், அந்த மேல்பகுதியைச் சேர்த்துப் பிடித்து ஒரு பழைய தலையணை உறைக்குள் விட்டு, வாயைக் கயிற்றால் கட்டிவிட்டால் மெஷின் டிரம்மில் அடிபடாது.

அடுத்து, துணி தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட பருத்தியும் பட்டும் உளுத்துப்போயிருக்கும். தொங்கும்போது எதுவும் தெரியாது, நனைந்ததும் கிழியும். ஜன்னல் பக்கம் வெயில் அதிகம் படும் ஓரத்தை இரு கட்டைவிரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் பிரிவது தெரிந்தாலோ, மெல்லிய கிறீச்சொலி கேட்டாலோ மெஷினில் போடாதீர்கள். தொட்டியில் அமுக்கி அலசுவதோடு விட்டுவிடுங்கள்.

பிறகு சோப்பே இல்லாமல் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். முதல் தண்ணீர் கறுப்பாக இறங்கும். வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். தண்ணீர் ஓரளவு தெளிந்த பிறகே மெஷின்: 30 டிகிரி, மென்சுற்று, லிக்விட் சோப்பு, டிரம்மில் பாதிதான் நிறைய வேண்டும். மெல்லிய வலைத் திரையை வலைப்பைக்குள் போடுங்கள். சமையலறைத் திரையில் மட்டும் உறையின் விதிதான்: எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் முதலில் பாத்திர லிக்விட், அரை மணி, அப்புறம் மற்றதெல்லாம். வெள்ளை வலைத் திரை பழுத்திருந்தால், தூசி போன பிறகு, 40 டிகிரியில் லிட்டருக்கு 5 கிராம் பெர்கார்பனேட்டில் ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம்.

சுருக்கம் தனிக் கவலை. பருத்தித் திரை முதல் வெந்நீர்த் துவையலில் நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினாலே, 2 மீட்டர் நீளத்தில் 6 செ.மீ. போய்விடும், தரையைத் தொட்ட திரை கணுக்காலுக்கு ஏறி நிற்கும். துவைக்கும் முன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். புதுத் திரை தைக்கக் கொடுப்பவர்கள் துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திவிட்டுக் கொடுப்பது இதற்குத்தான்.

வெளிச்சம் மறைக்கும் பிளாக்அவுட் திரையின் பின்பக்கம் ரப்பர் போன்ற ஒரு பூச்சு இருக்கும். சூடும் வேகமான ஸ்பின்னும் அதில் விரிசல் விழ வைக்கும், பின்னர் செதில் செதிலாக உதிரும். லேபிள் அனுமதித்தால் மட்டும் குளிர்ந்த நீரில், குறைந்த ஸ்பின்னில் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூச்சு தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். இஸ்திரி தேவைப்பட்டால் துணிப்பக்கம் மட்டும்.

ஸ்பின் முடிந்ததும் வலைத் திரைகளையும் பாலியஸ்டர் திரைகளையும் கொடியில் போடாமல், ஈரம் சொட்டாத நிலையில் நேராக அதனதன் கம்பியிலேயே மாட்டிவிடுங்கள். ஈரத்தின் கனமே மடிப்பை இழுத்து நேராக்கும், இஸ்திரி வேலை மிச்சம். கம்பியை மட்டும் முன்கூட்டியே துடைத்துவிடுங்கள். தூசிக் கம்பியில் ஈரத் திரையை மாட்டினால் மேல் ஓரத்தில் ஒரு கறுப்புக்கோடு விழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.